"எப்ப என்றாலும் சரி" என்று ரிக்ரூட்டருக்கு எழுதினால் காணுமா?

"அக்கா, லண்டனில் இருக்கும் ரிக்ரூட்டர் ஒருவர் இன்று (ஒக்டோபர் 23, வியாழன்) இரவு 7.40 போல ஈமெயில் போட்டிருக்கிறார். அரை மணித்தியாலம் போனில் கதைக்க வேண்டுமாம். நாளையோ அடுத்த வாரத் தொடக்கத்திலோ எனக்கு வசதியான நேரங்களைத் தரட்டாம். 'எப்ப என்றாலும் சரி' என்று போட்டால் காணும்தானே? எனக்கு யாழ்ப்பாண டவுனில் எட்டரையிலிருந்து ஐந்து மணி வரை வேலை. வீடு இணுவிலில், கோயிலுக்குப் பக்கத்தில்."

காணாது தம்பி. மரியாதைக்காகத்தான் அப்படி எழுத நினைக்கிறீர்கள் என்று விளங்குகிறது. ஆனால் வாசிக்கிறவருக்கு அது மரியாதையாகத் தெரியாது, ஒரு வேலையாகத்தான் தெரியும். நான் கொழும்பில் ஒரு கொம்பனியின் எச்ஆர் பிரிவில் ஆறு வருஷம் இந்தக் கோல்களை ஒழுங்குபடுத்திக் கொடுத்தவள், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். காலையில் கலண்டரைத் திறந்தால் நாள் முழுக்க அரை மணித்தியாலக் கட்டங்கள். சிலது ஏற்கெனவே நிரம்பியிருக்கும், சிலது வெறுமையாக இருக்கும். மூன்று நேரம் எழுதி அனுப்பினவரின் மெயிலை ஒரு கண்ணிலும் கலண்டரை மறு கண்ணிலும் பார்த்து, பொருந்தும் கட்டத்தை அமத்தினால் இரண்டு நிமிடத்தில் அவருடைய அலுவல் முடிந்துவிடும். "எப்ப என்றாலும் சரி" என்றவருக்கு நான் ஒரு நேரத்தை யோசித்து எழுதி, அது சரிவருமா என்று கேட்டு, பதில் வரும்வரை அந்தக் கட்டத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். பல தடவை "பிறகு பார்ப்போம்" என்று அந்த மெயிலைத் தள்ளி வைத்திருக்கிறேன். பின்னேரம் பார்த்தால் கட்டங்கள் மற்றவர்களால் நிரம்பியிருக்கும்.

யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையில் என்றால் இந்தப் போக்குவரத்து ஒரு மணித்தியாலத்தில் தீர்ந்துவிடும். லண்டன் என்றால் ஒவ்வொரு கேள்விக்கும் பதிலுக்கும் ஒரு நாள் போகும். அதோடு, அந்தப் பேச்சு உண்மையும் இல்லையே. ஐந்து மணி வரை உங்களுக்கு வேலை. அவர் உங்கள் சொல்லை நம்பி நாளைக்குத் தன் காலை பத்து மணிக்குக் கோல் எடுத்தால் உங்களுக்குப் பிற்பகல் இரண்டரை. உங்கள் மேசைக்கு எதிரே மனேஜர் இருப்பார். அவர் முன்னால் சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள், எத்தனை நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கு எப்படிப் பதில் சொல்வீர்கள்? முதல் கோலில் இந்த இரண்டையும் பெரும்பாலும் கேட்பார்கள்.

சரி, அப்போ எந்த நேரங்களைக் கொடுப்பது? உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது, அதை முதலில் பார்த்துவிடுவோம். இன்றைக்கு லண்டனுக்கும் எங்களுக்கும் நாலரை மணித்தியால வித்தியாசம். அங்கே ஒவ்வொரு வருஷமும் ஒக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறு அதிகாலையில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்புவார்கள். இந்த முறை அது 26ஆம் திகதி. இலங்கையில் அப்படி ஒன்று இல்லை. ஆகவே வெள்ளிக்கிழமை நாலரையாக இருக்கும் வித்தியாசம் திங்கட்கிழமை ஐந்தரையாகிவிடும். மார்ச் கடைசி ஞாயிறு வரை அப்படியே இருக்கும். "நாளையோ அடுத்த வாரத் தொடக்கத்திலோ" என்று அவர் கேட்டது சரியாக இந்த ஞாயிறின் இரண்டு பக்கத்திலும் விழுகிறது. ஒரே கணக்கை இரண்டு நாளுக்கும் போட்டால் ஒன்று பிழைக்கும்.

லண்டனில் ஒன்பதிலிருந்து ஐந்து வரை வேலை நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நாளைக்கு உங்கள் மணிக்கூட்டில் பிற்பகல் 1.30இலிருந்து இரவு 9.30 வரை. திங்களிலிருந்து 2.30இலிருந்து 10.30 வரை. உங்கள் காலை நேரம் முழுக்க அவருக்குப் பயனில்லை, அதை எழுதவே வேண்டாம். வேலைத்தலத்து மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையும் அப்படித்தான். உங்களுக்குப் பன்னிரண்டரை என்றால் அவர் அங்கே நித்திரையால் எழும்புகிற நேரம். மிஞ்சுவது பின்னேரமும் முன்னிரவும்தான்.

ஒரு தரம் நானே மறுபக்கத்தில் நின்று மாட்டுப்பட்டிருக்கிறேன். கொழும்பு வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்து வேலை தேடிய காலம். லண்டன் கொம்பனி ஒன்றுக்கு "வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குப் பிறகு" என்று மட்டும் எழுதினேன். எந்த ஊர் ஐந்து மணி என்று எழுதவில்லை. என் ஐந்து மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். ஆறு, ஏழு, எட்டு. கைவிட்டுவிட்டார்கள் என்று நினைத்து ஒன்பது மணிக்குப் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் 9.32க்கும் 9.40க்கும் இரண்டு கோல் வந்திருக்கிறது. அவர் தன் ஐந்து மணிக்குச் சொல்லுத் தவறாமல் எடுத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகும் நேரத்தில் எனக்காக நின்று எடுத்தவர், அந்தக் கோபமோ என்னவோ, நான் எழுதிய மன்னிப்புக்குப் பதிலே வரவில்லை. அவரில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

இனி உங்கள் நாட்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நாளை வெள்ளி. ஐந்துக்கு வேலை முடிந்து, கே.கே.எஸ். வீதியில் அந்த நேர நெரிசலுக்குள்ளால் இணுவிலுக்கு வந்து சேர ஐந்தரை, ஐந்தேமுக்கால் ஆகும். மழைக்காலம் வேறு. "5.30இலிருந்து" என்று எழுதினால் ஹெல்மெட்டோடு கோல் எடுக்க வேண்டி வரும். 6.30இலிருந்து 8.30 வரை என்று கொடுங்கள். அது லண்டனில் பின்னேரம் இரண்டிலிருந்து நாலு. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மேல் அவர் கதைத்தாலும் மனம் வீட்டில்தான் இருக்கும், ஆகவே அதற்கு மேல் இழுக்க வேண்டாம்.

திங்கள் 27. கலண்டரைப் பாருங்கள், அன்றைக்குச் சூரன்போர். கோயிலடி வீட்டில் இருந்துகொண்டு அன்று பின்னேரம் போனில் கதைக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். பறையும் மேளமும் ஸ்பீக்கரும் முடிந்து சனம் கலையும்போது என்ன நேரம் ஆகும் என்று உங்களுக்குத்தான் தெரியும். நேரங்களைக் கொடுப்பதற்கு முன்னால் ஊர்க் கலண்டரையும் ஒரு தரம் புரட்டுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். திங்களை முழுதாக விட்டுவிடுங்கள். ஏன் விட்டீர்கள் என்று அவருக்கு விளக்க வேண்டியதில்லை. கொடுத்த நேரங்களைத்தான் அவர் பார்ப்பார், கொடுக்காததை எண்ணமாட்டார்.

செவ்வாய் 28. நேரமாற்றம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை போல 6.30 என்று எழுதினால் லண்டனில் இப்போது ஒரு மணி. அது பரவாயில்லை, சாப்பாடு முடிந்து வருவார். ஆறு மணியிலிருந்து என்று கொடுத்திருந்தால் அது பன்னிரண்டரை, அவருடைய சாப்பாட்டு நேரம். 6.30இலிருந்து 9.00 வரை கொடுங்கள், அங்கே 1.00இலிருந்து 3.30. என் கணக்கில் மூன்றிலும் உங்களுக்கு நல்ல நேரம் இதுதான்.

மூன்றாவதாக, அவருக்குக் காலை நேரம்தான் வசதி என்றால் அதற்கும் ஒன்று இருக்கட்டும். புதன் 29, பின்னேரம் 3.30இலிருந்து 5.00 வரை. லண்டனில் பத்திலிருந்து பதினொன்றரை. இதற்கு நீங்கள் அரை நாள் லீவு எடுக்க வேண்டும். எழுதுவதற்கு முன்னால் அன்றைக்கு லீவு கிடைக்குமா என்று உங்களுக்கு நிச்சயம் இருக்க வேண்டும். அந்த நேரத்தை அவர் எடுத்தால் மட்டும் லீவைப் போடுங்கள். லீவு நிச்சயமில்லை என்றால் இந்த வரியை வெட்டிவிட்டு, அதே நாள் முன்னிரவைக் கொடுங்கள். தந்த நேரத்தைப் பிறகு திருப்பி வாங்குவதைவிடக் குறைவாகத் தருவது எவ்வளவோ மேல்.

ஏன் மூன்று என்று கேட்பீர்கள். ஒரே ஒரு நேரம் கொடுத்தால் அது அவருக்கு நிரம்பியிருக்கக் கூடும், திரும்பவும் மெயில். பத்துக் கொடுத்தால் அவருக்குத் தெரிவதில் சிரமம், உங்களுக்குப் பத்தையும் காலியாக வைத்திருப்பதில் சிரமம். வெவ்வேறு நாளில் மூன்று, ஒவ்வொன்றும் ஒன்றரையிலிருந்து இரண்டரை மணித்தியால அகலம் என்றால் அநேகமாக எங்கேயாவது பொருந்தும். அகலமாகக் கொடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 8.30க்கு முடியும் இடைவெளியில் அவர் 8.00க்குக் கோலைத் தொடங்கலாம், அது 8.30ஐத் தாண்டியும் ஓடலாம். ஆகவே அதற்குப் பிறகு கால் மணித்தியாலமாவது உங்களுக்கு வேறு அலுவல் இருக்கக் கூடாது.

எழுதும் விதத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஒவ்வொரு நேரத்தையும் தனித்தனி வரியில் போடுங்கள். கிழமை, திகதி, மாதத்தின் பெயர், தொடக்கம், முடிவு, எந்த ஊர் நேரம், எல்லாம் அந்த வரியிலேயே இருக்க வேண்டும். அவருடைய ஊர் நேரத்தை முதலில் போட்டு, உங்களுடையதை அடைப்புக்குள் போடுங்கள். கணக்கை நீங்கள் செய்துவிட்டால் அவர் வாசித்தால் போதும், அதே நேரம் நீங்கள் பிழை விட்டிருந்தாலும் இரண்டையும் ஒப்பிட்டுப் பிடித்துவிடுவார். உங்களுடையது இப்படி வரும்:

```
Fri 24 Oct: 14:00–16:00 London (18:30–20:30 Sri Lanka)
Tue 28 Oct: 13:00–15:30 London (18:30–21:00 Sri Lanka)
Wed 29 Oct: 10:00–11:30 London (15:30–17:00 Sri Lanka)
```

கிழமையும் திகதியும் இரண்டும் ஏன் என்றால், ஒன்று பிழைத்தாலும் மற்றது காட்டிக் கொடுக்கும். மாதத்தை இலக்கத்தில் எழுதாதீர்கள். 5/11 என்றால் எங்களுக்கும் லண்டன்காரருக்கும் நவம்பர் ஐந்து, அமெரிக்காவில் இருப்பவருக்கு மே பதினொன்று. 24 மணித்தியால முறை காலையா மாலையா என்ற சந்தேகத்தை இல்லாமல் செய்துவிடும்.

ஊரின் பெயரைத்தான் எழுத வேண்டும், சுருக்கெழுத்தை அல்ல. எங்கள் நேரம் இந்திய நேரம்தானே என்று நிறையப் பேர் `IST` என்று போடுகிறார்கள். அயர்லாந்தின் கோடைகால நேரத்துக்கும் அதே மூன்று எழுத்து, இஸ்ரேல் நேரத்துக்கும் அதே. லண்டனில் இருந்துகொண்டு டப்ளினோடும் வேலை செய்யும் ஒருவர் அதைப் பார்த்தால் நீங்கள் தன் நேரத்தையே எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்க இடமுண்டு. ஒரு மாற்றாக `UTC+5:30` என்று போடலாம், அதில் குழப்பம் இல்லை. எங்கள் நேரமே ஒரு காலத்தில் குழம்பித்தான் கிடந்தது. 1996இல் அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியது, 2006 ஏப்ரலில்தான் திரும்ப ஐந்தரைக்கு வந்தோம். இடைப்பட்ட காலத்தில் வன்னியில் பழைய நேரமே ஓடியது. "புது நேரமா, பழைய நேரமா" என்று கேட்டுத்தான் அலுவல் பார்த்தோம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். லண்டன் ரிக்ரூட்டருக்கு எழுதும்போதும் அதே கேள்வியை அவர் கேட்க வேண்டி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

மெயிலின் மற்றப் பகுதி சின்னதாக இருக்கட்டும். ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், ஆனால் வரிசை இப்படி இருக்கட்டும்: முதல் வரியில் நன்றி, எந்த வேலைக்கான கோல் என்பது. அடுத்து, "பின்வரும் நேரங்களில் எது என்றாலும் எனக்குச் சரி, உங்களுக்குப் பொருந்துவதைத் தெரிந்துகொள்ளுங்கள்." அதன் கீழே அந்த மூன்று வரி. பிறகு, "ஞாயிறு உங்களுக்கு நேரம் மாறுவதைக் கணக்கில் எடுத்துத்தான் எழுதியிருக்கிறேன்" என்று ஒரு வசனம். இதைக் கட்டாயம் போடுங்கள். செவ்வாய் நேரத்தைப் பார்த்து "இவர் ஒரு மணித்தியாலம் பிழை விட்டிருக்கிறாரோ" என்று அவர் தானாகத் திருத்தப் போனால்தான் ஆபத்து. கடைசியாக, "மூன்றும் பொருந்தாவிட்டால் புதன், வியாழன் லண்டன் நேரம் ஒரு மணிக்குப் பிறகு வேறு நேரம் சொல்லுங்கள்" என்று ஒரு வழி விட்டு, உங்கள் போன் நம்பர். நம்பரை 077 என்று தொடங்காமல் `+94 77` என்று தொடங்குங்கள், அந்தச் சைபர் வெளிநாட்டிலிருந்து எடுக்கும்போது வராது. வட்ஸ்அப்பிலா சாதாரணக் கோலிலா எடுப்பார் என்று கேட்பதும் நல்லது. வட்ஸ்அப் என்றால் உங்களுக்கு டேட்டா வேண்டும், மழைக்குக் கரண்ட் போனால் வீட்டு வைஃபையும் போய்விடும்.

இன்றிரவு 9.30க்கு முதல் அனுப்பிவிடுங்கள். அது லண்டனில் ஐந்து மணி. அதற்குப் பிறகு அனுப்பினால் நாளைக்கு உங்கள் 1.30க்குத்தான் அவர் மெயிலைத் திறப்பார், வெள்ளி நேரத்தை எடுக்க அவருக்கு அவகாசம் குறைந்துவிடும். தாமதமாகிவிட்டால் வெள்ளி வரியை எடுத்துவிட்டு வியாழன் 30ஐச் சேருங்கள்.

அனுப்பிய பிறகு அந்த மூன்று நேரமும் உங்களுடையது இல்லை, அவர் தெரியும்வரை அவருடையது. வேறு கொம்பனியும் கேட்டால் அதே நேரங்களைக் கொடுக்காதீர்கள். நான் பார்த்ததில் இதில்தான் நிறையப் பொடியன்மார் மாட்டுப்பட்டார்கள். இரண்டு பேரும் செவ்வாய் ஏழு மணியைத் தெரிந்துவிடுவார்கள், ஒருவருக்கு மாற்றச் சொல்லி எழுத வேண்டி வரும். இடையில் ஒரு நேரம் கைவிட்டுப் போனால், அவர் தெரிவதற்கு முன்னாலேயே "வெள்ளி இனிச் சரிவராது, மற்ற இரண்டும் அப்படியே" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். புதன் கிழமை வரை ஒரு பதிலும் இல்லையென்றால் அதே மெயிலுக்குக் கீழே புதிதாக இரண்டு நேரம் எழுதுங்கள். முடிந்துபோன நேரங்களைப் பார்த்துக்கொண்டு அவர் என்ன செய்வது?

சில ரிக்ரூட்டர்மார் நேரம் கேட்காமல் ஒரு லிங்க் அனுப்புவார்கள். அதைத் திறந்து நீங்களே கட்டத்தைத் தெரிய வேண்டியதுதான், தனியாக நேரம் எழுதத் தேவையில்லை. அந்தப் பக்கத்தில் எந்த ஊர் நேரம் என்று ஒரு வரி இருக்கும். `Asia/Colombo` அல்லது கொழும்பு என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தெரியுங்கள். அவுட்லுக்கில் எங்கள் நேரம் `Sri Jayawardenepura` என்ற பெயரில் இருக்கும், கொழும்பைத் தேடிக் களைக்க வேண்டாம்.

கொழும்புக் கொம்பனி என்றால் இந்த நேரக் கணக்கு ஒன்றும் வேண்டாம். போயா நாளில் நேரம் கொடுக்காமல் இருந்தால் சரி. சாப்பாட்டு இடைவேளையைக்கூடக் கொடுக்கலாம், ஆனால் டவுனில் அமைதியாகக் கதைக்க இடம் எங்கே என்று முதலில் பார்த்து வையுங்கள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் நின்று கதைத்தவர்களின் குரலைவிட "வவுனியா, வவுனியா" என்ற குரல்தான் எனக்குக் கூடக் கேட்டிருக்கிறது.

அவர் செவ்வாய் லண்டன் நேரம் 13:30ஐத் தெரிந்து கலண்டர் அழைப்பு அனுப்புகிறார் என்று வைப்போம். "கிடைத்தது, நன்றி" என்று பதில் போடுவதற்கு முன்னால் அதை உங்கள் போனில் திறந்து பாருங்கள். செவ்வாய் இரவு 7.00 என்று காட்டினால் எல்லாம் சரி. 6.00 என்று காட்டினால், அவர் உங்கள் நேரத்தைப் பழைய நாலரை மணித்தியாலக் கணக்கில் வைத்திருக்கிறார், கலண்டரில் 12:30 என்று போட்டிருக்கிறார் என்று அர்த்தம். அப்போது "லண்டன் 13:30, இலங்கை 19:00 என்றுதானே சொன்னீர்கள்?" என்று இரண்டு நேரத்தையும் எழுதி அன்றைக்கே கேளுங்கள். ஆறு மணிக்கு வேலையால் வந்து முகம் கழுவிக்கொண்டிருக்கும்போது போன் அடித்த பிறகு கேட்டுப் பிரயோசனமில்லை.